பின் நம்பர் தப்பு என்றால் முதலில் கார்டைப் பாருங்கள்

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் அம்மா ஏ.டி.எம்.மில் பென்ஷன் எடுக்கப் போனாங்க. சரியான பின் நம்பர்தான் போட்டேன்னு சொல்றாங்க, ஆனா மூணு தடவையும் தப்புன்னு வந்து கார்டு பிளாக் ஆயிடுச்சு. பக்கத்துல நின்ன ஒருத்தர் உதவி பண்ணினாராம். நாளைக்குத் தானா திறந்துடுமா, இல்ல பேங்குக்குப் போகணுமா?

பதில்: நாளை வரை காத்திருக்காதீர்கள். அம்மா கையில் இருக்கும் கார்டை இப்போதே எடுத்து, அதில் உள்ள பெயர் அம்மாவுடையதுதானா என்று பாருங்கள். சரியான நம்பரை மூன்று முறை போட்டும் தப்பென்று வந்திருக்கிறது. உதவிக்கு ஒருவரும் வந்திருக்கிறார். கார்டு மாற்றுத் திருட்டு இப்படித்தான் நடக்கும். அம்மா முதல் முறை போடும்போதே உதவ வந்தவர் அம்மாவின் விரல்களைக் கவனித்து நம்பரைப் பார்த்துக்கொள்வார். "மெஷின் சரியில்லை, கொடுங்க" என்று வாங்கி, அதே நிறத்தில் இன்னொருவரின் கார்டைத் திருப்பிக் கொடுப்பார். பிறகு அம்மா போடும் சரியான நம்பரும் தப்பாகத்தான் வரும். அப்படியானால் பிளாக் ஆனது வேறொருவர் கார்டு, அம்மாவின் கார்டு இன்னும் திறந்தே இருக்கிறது.

பெயர் மாறியிருந்தால் உடனே அம்மா கார்டை நிறுத்துங்கள். கையில் உள்ள கார்டின் பின்புற எண்ணை அழைக்க வேண்டாம், அது வேறு பேங்காக இருக்கலாம். ஆப்பிலோ, ஸ்டேட்மென்ட்டில் உள்ள எண்ணிலோ நிறுத்துங்கள். பிறகு போலீஸில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்குங்கள். பணம் போயிருந்தால் பேங்க் அதைத்தான் முதலில் கேட்கும்.

பெயர் சரியாக இருந்தால் விஷயம் எளிது. சில பேங்குகளில் எண்ணிக்கை மறுநாள் தானாகவே புதிதாகும், சிலவற்றில் ஆகாது. அம்மாவுக்கு நம்பர் நிச்சயமாகத் தெரிந்தால் மறுநாள் ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். ஊகித்துப் போட வேண்டாம். ஊகித்தால் மறுபடியும் பிளாக்தான்.

நம்பர் மறந்திருந்தால் ஆப்பில் பின் மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஐ.டி.யும் கார்டுமாக அம்மாவே கிளைக்குப் போக வேண்டும், மகன் போனால் முடியாது. வயதானவர்களை இதற்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வைப்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது. பென்ஷன் வரும் மாத ஆரம்பத்தைத் தவிர்த்துப் போங்கள்.

கிளையில் புது நம்பர் போட்ட பிறகும் கடையில் கார்டு வேலை செய்யாமல் போகலாம். தப்பு முயற்சிகளைப் பேங்க் கம்ப்யூட்டர் எண்ணுவது போல, சில கார்டுகளின் சிப்பும் தனியாக எண்ணிவைக்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் கட்டளை, கார்டை மெஷினுக்குள் செருகினால்தான் சிப்புக்குப் போகும். தட்டிப் பணம் கட்டினால் போகாது. ஆகவே கிளையை விட்டுக் கிளம்பும் முன் அதே பேங்கின் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி, புது நம்பரைப் போட்டு, இருப்பை ஒருமுறை பாருங்கள்.

"பிளாக்கை எடுத்துத் தருகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர் யாராக இருந்தாலும் திருடர்தான். பின்னைத் திறக்க எந்த பேங்கும் பழைய பின்னைக் கேட்காது.