அந்த ஐந்து வரிக்குக் கடன் வாங்காதீர்கள்

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, வேலை விண்ணப்பத்துக்கு ஆங்கிலத்தில் ஐந்து வரி சுய அறிமுகம் எழுத முடியாமல் திணறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கடன் வாங்கியாவது ஸ்போக்கன் இங்கிலீஷிலும் சாஃப்ட்வேர் கோர்ஸிலும் சேர்த்துவிடச் சொல்கிறாராம் உங்கள் அண்ணன். வேண்டாம். ஐந்து வரிக்காக யாரும் கடன்படக் கூடாது. ஆய்வகத்தில் தரப் பரிசோதனை வேலைதான் வேண்டும் என்று அவளே தெளிவாக எழுதியிருக்கும்போது, சாஃப்ட்வேர் பேச்சுக்கே இடமில்லை.

அவளுடைய தமிழ் வரைவிலேயே தேவையானது இருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். குடும்பப் பின்னணி, 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்', 'நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்' ஆகிய மூன்றையும் எடுத்துவிடலாம். தமிழில் அது மரியாதை. ஆங்கில விண்ணப்பத்தில் கெஞ்சல் போல ஒலிக்கும். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்கள் அந்த இடத்தில் 'டைனமிக், ஹார்ட் வொர்க்கிங்' என்று நிரப்புவார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

நடுவில் அவள் எழுதிய வரியைப் பாருங்கள்: 'ப்ராஜெக்டில் கிணற்று நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்து பார்த்தோம். அளவுகள் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் செய்தேன்.' ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பதுதான் அந்த டைட்ரேஷன். தரப் பரிசோதனைக்கு ஆள் எடுப்பவர் தேடுவதே இப்படி ஒரு வரியைத்தான். இதை முதல் வரிக்கு அடுத்தே வைக்க வேண்டும். 'பார்த்தோம்' என்றது யார் யார் என்று கேட்டேன். மாதிரி எடுத்தது மூன்று பேர், டைட்ரேஷன் செய்தது அவள் மட்டும். அப்படியென்றால் மாதிரிக்கு 'வீ கலெக்டட்', சோதனைக்கு 'ஐ டெஸ்டட்'. அடக்கத்துக்காக எல்லாவற்றையும் 'வீ' என்று எழுதினால் அவள் செய்த வேலை காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் 'ஐ' என்றால் பொய்.

அப்புறம், தமிழ் வாக்கியத்தை நீளமாகவே கொண்டுபோகக் கூடாது. 'செய்து, குறித்து, ஒப்பிட்டு, எழுதினேன்' என்பதை இரண்டு மூன்று சிறு வாக்கியங்களாக உடைத்தால் ஆங்கிலம் தானாக நேராகும். 'ஐ ஆம் ஹேவிங்' வேண்டாம், 'ஐ ஹேவ்' போதும். பட்டத்துக்கு 'பாஸ்டு அவுட்' வேண்டாம், 'கிராஜுவேட்டட்' என்று எழுதட்டும். ஆக வரிசை இதுதான்: படிப்பு, மாதிரி எடுத்தது, அவள் செய்த சோதனை, எந்த வேலை வேண்டும், எப்போது சேர முடியும்.

முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள். 'டைட்ரேஷன் முடிவில் கரைசலின் ஒயின் சிவப்பு நிறம் நீலமாவது ஏன்?' நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை ஈ.டி.டி.ஏ. முழுவதும் பிடித்துக்கொள்ள, நிறங்காட்டி தனித்து விடப்படுவதால் என்று அவள் சொல்லிவிட்டால் அந்த வரி இருக்கட்டும். பதில் வராத வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.