நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து: கேள்வி பதில்

நண்பன் எடுத்த தனிநபர் கடனுக்கு நானும் இன்னொருவரும் ஜாமீன். அவன் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டான். வங்கி முதலில் அவன் மேல்தானே கேஸ் போட வேண்டும்?

அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவின்படி அவனுக்கு இருக்கிற பொறுப்பு முழுக்க உங்களுக்கும் உண்டு. உச்ச நீதிமன்றமும் 1969-லேயே, கடன்காரரை விரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதில்லை என்று சொல்லிவிட்டது. நடைமுறையில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் பக்கம்தான் வங்கி முதலில் திரும்பும். அவர் ஓடிப் போக மாட்டார் பாருங்கள்.

வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் விலகிவிடலாமே சார்? என் மாமா அப்படித்தான் விலகினார்.

மாமா போட்டது ஓவர் டிராஃப்டுக்காக இருக்கும், அதாவது வேண்டும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளும் கடன். அதில் கடிதம் கொடுத்த பிறகு எடுக்கும் பணத்துக்குப் பொறுப்பு இல்லை. அதுவரை ஏறிய பாக்கி அவர் தலையில்தான். மொத்தமாகக் கொடுத்து முடித்த கடனில் கடிதம் செல்லாது. வேறு ஜாமீன்தாரரை வங்கி ஏற்று, உங்களை விடுவித்ததாக எழுதித் தந்தால்தான் உண்டு.

முதல் கேள்வி கேட்டவன்தான். பாக்கி 2,40,000. நானே கட்டிவிட்டால்?

நண்பன் கையில் கொடுக்காதீர்கள். கடன் கணக்கிலேயே உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தி, ஜாமீன்தாரர் கட்டியதாக ரசீது வாங்குங்கள். அப்புறம் முழுத் தொகையையும் நண்பனிடம் கேட்டு வழக்குப் போடலாம். அவனிடம் ஒன்றும் பெயராது என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, இன்னொரு ஜாமீன்தாரரிடம் பாதி, 1,20,000 கேட்கலாம். கட்டாமல் இழுத்தடித்தால் வட்டி ஏறும், சிபிலில் உங்கள் பெயரும் கெடும்.

எனக்கு வேறு மாதிரி. கார் கடனுக்கு ஜாமீன் போட்டேன். ஆர்.சி.யில் கடன் பதிவே செய்யாமல் விட்டுவிட்டார்கள், நண்பன் காரை விற்றுவிட்டான். நான் ஏன் கட்ட வேண்டும்?

நல்ல பாயிண்ட். வங்கி தன் அஜாக்கிரதையால் ஈட்டை இழந்தால், அதன் மதிப்பளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுவார் என்கிறது 141-ஆம் பிரிவு. ஆனால் பல ஜாமீன் படிவங்களில் இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் படிவத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நகல் வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள்.

சம்பளம் முழுவதையும் பிடித்துவிடுவார்களா?

பணம் கட்டச் சொல்லும் கோர்ட் டிகிரியை வங்கி வாங்கி வந்தால், முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. இந்தக் கணக்கீட்டில் சேரும் சம்பளம் 31,000 என்றால் மாதம் 10,000 வரை போகும். ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான். ஆனால் அதே வங்கியில் டெபாசிட் வைத்திருந்தால், கோர்ட்டுக்குப் போகாமலேயே அதில் கை வைக்கப் பார்ப்பார்கள்.