கால அட்டவணையில் ஆசிரியர் மோதல்

"ஆறு வகுப்புகள், ஐந்து நாள், நாளுக்கு எட்டு பாடவேளை. வகுப்புக்கு ஒரு தாளாக எக்செலில் போட்டேன். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் வந்துவிடுகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?"

தனித்தனித் தாள்தான் சிக்கலே. எல்லாவற்றையும் ஒரே தாளுக்குக் கொண்டுவாருங்கள். A-யில் நாள், B-யில் பாடவேளை, C முதல் H வரை ஆறு வகுப்புகள். அப்போது ஒரு வரிசை என்பது ஒரு நேரம். அதில் ஒரு பெயர் இருமுறை வந்தால் மோதல். இரண்டு இடைவேளைகளையும் சேர்த்தால் நாளுக்குப் பத்து வரிசை, மொத்தம் 2 முதல் 51 வரை. C2:H51-ஐத் தேர்ந்தெடுத்து, Conditional Formatting-இல் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்துச் சிவப்பு நிறம் வையுங்கள்:

```
=AND(C2<>"",COUNTIF($C2:$H2,C2)>1)
```

இடைவேளை என்று B-யில் மட்டும் எழுதுங்கள். ஆறு கட்டத்திலும் எழுதினால் வரிசை முழுவதும் சிவந்துவிடும்.

கட்டத்தில் ஆசிரியர் குறியீடு மட்டும் இருக்கட்டும், "க1" என்பதுபோல. "கணக்கு-க1", "அறிவியல்-க1" என்று எழுதினால் அவை வேறு வேறு சொற்கள். மோதல் கண்ணில் படாது. பின்னால் ஒட்டிய ஒரு வெற்றிடம்கூட இப்படி ஏமாற்றும். நான் ஒருமுறை அரை நாள் தேடியிருக்கிறேன்! Data Validation பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நிரப்பும் முன் ஒரு கணக்கு. ஒரே கணக்கு ஆசிரியர் ஆறு வகுப்புக்கும் வாரம் ஏழு பாடவேளை எடுப்பதாக வைத்தால் 42 ஆகிறது. வாரத்தில் இருப்பதோ 40. எப்படி மாற்றிப் போட்டாலும் சிவப்பு போகாது. ஒரு வகுப்பையாவது வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். இரு பிரிவுகளைச் சேர்த்து நடத்தும் விளையாட்டு வேளையும் சிவப்பாகத்தான் தெரியும், அதை விட்டுவிடலாம்.