பூச்சிமருந்து கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா?

வேளாண்மை இறுதியாண்டு மாணவி ஒருவரின் கடிதத்துக்கு எழுதிய பதில் இது.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து இருந்தன. வளாகத் தேர்வில் ஒரு பூச்சிமருந்து கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது, கல்விக் கடன் இருப்பதால் அப்பா சேரச் சொல்கிறார் என்பது ஒன்று. அதே அப்பா கத்தரிக்கு மருந்தடித்துவிட்டு வந்து வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்ததைச் சின்ன வயதில் பார்த்தவள் நான், அந்த மருந்தை நானே விற்பதா என்பது இன்னொன்று. இந்தத் தொழிலே தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. ஒரே துறைக்குள் விற்பவர், விளைபொருளில் தங்கிவிடும் மருந்து எச்சத்தைப் பரிசோதிப்பவர், பதிவுக்கான ஆய்வு செய்பவர், இயற்கை எதிரிப் பூச்சி வளர்ப்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். கம்பெனியின் பெயரைவிட, உங்கள் சம்பளமும் ஊக்கத்தொகையும் எதோடு கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பாருங்கள். தினமும் உங்களை எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

விற்பனைப் பிரிவில் சேர்ந்தால் இரண்டு மூன்று தாலுகாக்கள் உங்கள் கையில் வரும். டீலர் கடைகளுக்குப் போவது, விவசாயிகள் கூட்டம் போடுவது, மாதிரி வயல் காட்டுவது உங்கள் வேலை. இரண்டு சொற்களை முதல் வாரத்திலேயே கேட்பீர்கள். சரக்கை டீலர் கடையில் இறக்குவது பிளேஸ்மென்ட், அது கடையிலிருந்து விவசாயி கைக்குப் போவது லிக்விடேஷன். பருவத் தொடக்கத்தில் டார்கெட்டுக்காகக் கடையில் சரக்கு நிரப்பப்படும். அதை எடுக்க டீலருக்கு ஸ்கீம் இருக்கும், தங்கக் காசோ வெளிநாட்டுப் பயணமோ. அப்புறம் என்ன நடக்கும்? ஓட்டை விழுந்த ஓர் இலையைப் பிடுங்கிக்கொண்டு விவசாயி கடைக்கு வருவார். "இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்பார். கடைக்காரர் கை, அலமாரியில் தேங்கி நிற்கும் பாட்டிலுக்குப் போகும். உங்களை உறுத்தப்போவது பெரும்பாலும் அந்த இடம்தான். அந்தப் பாட்டில் என்ன, அது அந்தப் பயிருக்கு உரியதா என்பதைப் பொறுத்து உறுத்தலின் அளவு மாறும்.

எனவே முதல் வேலையாக, கம்பெனியின் தயாரிப்புப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் லேபிளையும் பாருங்கள். பாட்டிலில் இருக்கும் சாய்சதுரத்தின் கீழ்ப் பாதி நிறத்தை வகுப்பில் படித்திருப்பீர்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பரிசோதனை எலிகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு, கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பட்டியலில் சிவப்பும் மஞ்சளும் எத்தனை என்பதைவிட, உங்கள் பகுதியில் அதிகம் விற்பவை எந்த நிறம் என்று கேளுங்கள். கம்பெனிக்குப் பச்சை முக்கோண மருந்துகள் நிறைய இருக்கலாம். வருமானம் பழைய மஞ்சளிலிருந்து வரலாம்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரே முறையில் உடலுக்குள் போகும் நஞ்சைத்தான் அளக்கிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதையோ தேனீக்கு ஆவதையோ அது சொல்லாது. பாராகுவாட் களைக்கொல்லிக்குச் சிவப்பு முக்கோணம் கிடையாது. ஆனாலும் அதைக் குடித்தவர்களுக்குக் கொடுக்க முறிவு மருந்து இல்லை. எந்த மருந்து கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பது உயிர் விஷயம். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளுக்கு 1990-களின் நடுவிலிருந்து அடுத்தடுத்துத் தடை வந்தது, 2008-க்குப் பிறகு பாராகுவாட்டும் தடையானது. அங்கே தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன, விளைச்சலும் விழவில்லை. ஆகவே "நான் விற்காவிட்டால் வேறு யாராவது விற்பார்கள்" என்று உங்கள் மேலாளர் சொன்னால், அதை முழு உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு அளவுகோலும் உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வகுத்த பூச்சிமருந்து நடத்தை நெறி, அணிய முடியாத அளவு சங்கடமான, விலை அதிகமான, கிடைக்காத பாதுகாப்பு உடையோடுதான் அடிக்க வேண்டும் என்கிற மருந்துகளை வெப்ப நாட்டுச் சிறு விவசாயிகளிடம் கொண்டுபோகாமல் தவிர்க்கச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017-இல் ஆளுயரப் பருத்திக்குள் மருந்தடித்த 20-க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலியாட்களும் இறந்தார்கள். சித்திரை வெயிலில் உங்கள் அப்பா முகக்கவசமும் கையுறையும் மாட்டி அடிப்பாரா? மாட்ட மாட்டார் என்றால் அந்தத் தயாரிப்பின் டார்கெட்டை நீங்கள் ஏற்க வேண்டாம். இது நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் கோடு. உங்களுடையது இதைவிட இறுக்கமாக இருக்கலாம்.

இனி டார்கெட் கணக்குக்கு வருகிறேன். ஒரு மருந்து கடையில் விற்க அனுமதி பெற்றிருப்பதும், ஒரு பயிருக்கு அடிக்க அனுமதி பெற்றிருப்பதும் வேறு வேறு. பயிர், பூச்சி, அளவு, அடித்தபின் அறுவடை செய்யாமல் பொறுக்க வேண்டிய காத்திருப்பு நாள் நான்கும் லேபிளில் இருக்கும். மோனோகுரோட்டோபாஸ் இதற்குச் சரியான உதாரணம். காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. மற்ற பயிர்களுக்காகக் கடைகளில் அது தொடர்ந்து விற்றது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கு மட்டும் பதிவான ஒரு மருந்து, எக்டருக்கு ஒரு லிட்டர், அதாவது ஏக்கருக்கு 400 மில்லி. உங்களுக்குத் தரப்போகும் பகுதியில் பருத்தி 600 ஏக்கர். ஒவ்வொரு விவசாயியும் உங்கள் மருந்தையே இரண்டு முறை அடித்தாலும் 480 லிட்டர்தான் செலவாகும். போட்டிக் கம்பெனிகளும் இருப்பதால் கால் பங்கு உங்களுக்குக் கிடைத்தால் பெரிது, அது 120 லிட்டர். ஆனால் டார்கெட் 900 லிட்டர் என்கிறார்கள். மீதி 780 லிட்டர் எங்கே போகும்? பக்கத்து ஊர் கத்தரிக்கும் வெண்டைக்கும் மிளகாய்க்கும்தான் போகும். மூன்று நாலு நாளைக்கொரு முறை காய் பறிக்கும் கத்தரியில், காத்திருப்பு நாள் முடியும்வரை யார் பறிக்காமல் இருப்பார்கள்? யாரும் உங்களிடம் "காய்கறிக்குத் தள்ளு" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். டார்கெட்டே அதைச் சொல்லிவிடும். எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்பது வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கிடைக்கும். அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் உங்கள் கல்லூரி சீனியரிடம் போன வருட டார்கெட்டைக் கேளுங்கள். ஒரு நாள் மாலை உட்கார்ந்தால் கணக்கு முடிந்துவிடும்.

கணக்கு ஓரளவு பொருந்தினால், சேர்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. வேளாண்மை படித்தவர் நேரில் வந்து சரியான அளவு சொல்வது, "இதுக்கு மருந்தே தேவையில்லை, ஊட்டக் குறைபாடு" என்று சொல்வது, விவசாயிக்குப் பெரிய உதவி. ஆனால் அப்படிச் சொன்ன மாதத்தில் உங்கள் ஊக்கத்தொகை குறையுமா என்று நேர்காணலில் நேரடியாகக் கேளுங்கள். ஊக்கத்தொகை பிளேஸ்மென்ட்டுக்கா, லிக்விடேஷனுக்கா? விற்காத சரக்கைப் பருவ முடிவில் கம்பெனி திரும்ப எடுக்குமா? திரும்ப எடுக்காத கம்பெனியில், காலாவதி நெருங்கும் பாட்டில் ஒவ்வொன்றும் உங்கள் தலையிலும் டீலர் தலையிலும்தான் விழும். பதிலைச் சுற்றி வளைத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் இயற்கை இடுபொருள் கம்பெனிக்குப் போய்விடுகிறேன்" என்று நிறைய மாணவர்கள் சொல்கிறார்கள். அங்கேயும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். வேம்பு மருந்து, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர் மருந்துகள் இவற்றுக்கும் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். பதிவு எண் இல்லாமல், "முழுக்க மூலிகை" என்ற பெயரில், அடித்த மறுநாளே புழு கொத்துக்கொத்தாகச் செத்து விழுகிறது என்றால், உள்ளே ரசாயன மருந்து கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லேபிளில் எதுவும் எழுதாமல் நஞ்சு விற்பது, சிவப்பு முக்கோணம் போட்டு விற்பதைவிட மோசம்.

இதே படிப்புக்கு ஊக்கத்தொகை எதிர்த் திசையில் இழுக்கும் வேலைகளும் இருக்கின்றன. ஏற்றுமதிக்காக ஒப்பந்தத்தில் கெர்கின் வெள்ளரி விளைவிக்கும் கம்பெனிகளில் களப்பணியாளர் வேலையைப் பாருங்கள். அங்கே எச்சம் அளவுக்கு மேல் போனால் கன்டெய்னரே திரும்பிவிடும், அதனால் தேவையில்லாத தெளிப்பைத் தடுப்பதுதான் உங்கள் பொறுப்பு. எச்சப் பரிசோதனைக் கூடங்களும் அப்படித்தான். அதற்கு முதுநிலைப் படிப்போ வேதியியல் பயிற்சியோ தேவைப்படலாம். விதைச்சான்று, அங்ககச்சான்றுத் துறை கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. வேளாண்மை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, வங்கி வேளாண் அதிகாரி பணிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு.

பூச்சியியலில் உங்களுக்கு ஆர்வம் என்று எழுதியிருந்தீர்கள். 2008-இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது நீங்கள் படித்ததுதான். மருந்துக்கு அடங்காத அதை, 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோஃபேகஸ் என்கிற ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது. வயலில் விட்டபின் அது தானே பெருகிக்கொண்டது, விவசாயி எதையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கவில்லை. இப்படி ஒரே முறை கொடுத்து முடிந்துபோகும் தீர்வுக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அரசு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும்தான். அந்த வேலை வேண்டுமென்றால் எம்.எஸ்சி. வழியாகப் போக வேண்டும், இரண்டு வருடம் வருமானம் தள்ளிப்போகும். அதை வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடன் விஷயம். பெரும்பாலான வங்கிக் கல்விக் கடன்களில் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் கிளையில் போய் அந்தத் தேதியை எழுத்தில் வாங்குங்கள். அப்பா "உடனே சேர்" என்று சொல்வது அந்தத் தேதி தெரியாததால் இருக்கலாம். தேதியைக் காட்டி, இன்னும் எத்தனை மாதம் தேடலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மருந்தின் பாதிப்பை உங்களைவிட நேரடியாக அறிந்தவர் அவர். மேலே போட்ட பருத்திக் கணக்கை அவரிடமும் காட்டுங்கள், எந்த ஊரில் எது போகும் என்று அவரே திருத்துவார்.

சேர முடிவு செய்தால், பணிக் கடிதத்தில் பாண்ட் இருக்கிறதா, அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். அசலைக் கொடுக்காதீர்கள். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பருவம் முழுக்க வேலை பார்த்தபின், விற்றதில் எத்தனை லிட்டர் லேபிள் பயிருக்குப் போனது என்று அதே கணக்கை உங்கள் சொந்த எண்களோடு மறுபடி போட்டு எனக்கு அனுப்புங்கள். தொடர்வதா, மாறுவதா என்று அப்போது பேசுவோம்.