80 லட்சமா, 16 கோடியா? ஒரே காயினுக்கு இரண்டு மதிப்பு

கேள்வி: ஒரு சிறிய காயின் மூன்று வாரத்தில் 0.04 டாலரிலிருந்து 0.16 டாலருக்கு ஏறியிருக்கிறது. மார்க்கெட் கேப் 80 லட்சம் டாலர்தான், இன்னும் பத்து மடங்கு ஏற இடம் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதே பக்கத்தில் FDV 16 கோடி டாலர் என்று போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மார்க்கெட் கேப் என்பது புழக்கத்தில் உள்ள டோக்கனை விலையால் பெருக்கியது, FDV என்பது மொத்த டோக்கனையும் அதே விலையால் பெருக்கியது. இரண்டு தொகையையும் விலையால் வகுத்துப் பாருங்கள். 80 லட்சத்தை 0.16 ஆல் வகுத்தால் 5 கோடி டோக்கன் வருகிறது. 16 கோடியை அதே 0.16 ஆல் வகுத்தால் 100 கோடி டோக்கன் வருகிறது. முதலாவது இப்போது புழக்கத்தில் இருக்கும் எண்ணிக்கை, இரண்டாவது எல்லா டோக்கனும் வெளிவந்த பிறகு இருக்கப்போகும் எண்ணிக்கை. அதாவது, இருபது டோக்கனில் ஒன்றுதான் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கிறது. மீதிப் பத்தொன்பது யார் கையில் இருக்கின்றன, எப்போது வெளியே வரும், அவர்கள் அவற்றை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது தெரியாமல், நீங்கள் பார்க்கும் ஏற்றத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

"இன்னும் ஏற இடம் இருக்கிறது" என்ற வாதத்தில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. 80 லட்சம் பத்து மடங்கானால் 8 கோடி. கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் அப்போது விலை 1.60 டாலராகவும், முழு எண்ணிக்கைக்கான மதிப்பு 160 கோடி டாலராகவும் இருக்கும். உங்கள் நண்பர்கள் பெரும்பாலும் இந்தக் காயினின் மார்க்கெட் கேப்பை, டோக்கன் ஏறக்குறைய முழுவதும் வெளிவந்துவிட்ட ஒரு பழைய காயினின் மார்க்கெட் கேப்போடு ஒப்பிட்டிருப்பார்கள். ஒன்றில் இருபதில் ஒரு பங்கையும் மற்றதில் முழுவதையும் தராசில் வைத்தால், முதலாவது எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

அடுத்து, விலை நான்கு மடங்காக எவ்வளவு பணம் தேவைப்பட்டிருக்கும் என்று பார்ப்போம். இவ்வளவு சிறிய காயின் பெரும்பாலும் ஒரு லிக்விடிட்டி பூலில், அதாவது வாங்கவும் விற்கவும் போட்டுவைத்த ஒரு பொதுத் தொட்டியில்தான் கைமாறும். பூலில் ஒரு பக்கம் டாலர் மதிப்பிலேயே நிற்கும் காயின், மறுபக்கம் இந்த டோக்கன். இரண்டின் எண்ணிக்கைகளையும் பெருக்கி வரும் தொகை மாறாமல் இருக்கும்படி விலை தானாக அமையும். தொடக்கத்தில் பூலில் 1 லட்சம் டாலரும் 25 லட்சம் டோக்கனும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், விலை 0.04 டாலர். வாங்க வந்தவர்கள், விற்றவர்கள் போக, நிகரமாக இன்னொரு 1 லட்சம் டாலரை உள்ளே போடுகிறார்கள். இப்போது பூலில் 2 லட்சம் டாலர் இருக்கிறது; பெருக்குத்தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் டோக்கன் 12.5 லட்சமாகக் குறைந்திருக்கும். விலை 0.16 டாலர். கட்டணத்தை விட்டுவிட்டால் கணக்கு இவ்வளவுதான்.

ஆக, உள்ளே வந்தது 1 லட்சம் டாலர். மார்க்கெட் கேப் கூடியது 60 லட்சம், FDV கூடியது 12 கோடி. கடைசியாக நடந்த ஒரு சிறிய வியாபாரத்தின் விலையை எல்லா டோக்கனுக்கும் ஒட்டிப் பெருக்குவதால் வரும் வீக்கம் இது. இந்தக் காரணத்தால் இரண்டு தொகையுமே "உள்ளே இருக்கும் பணம்" அல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை. புழக்கத்தில் இருப்பது குறையக் குறைய, விற்க ஆள் குறைவு. ஆகவே சிறிய தொகையே சார்ட்டை நிமிர்த்திவிடும். உங்கள் காயினின் பூலில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இத்தகைய பூல்கள் இயங்கும் சந்தையான டெக்ஸின் சார்ட் பக்கத்தில் Liquidity என்ற வரியில் பார்க்கலாம். அந்த வரி பெரும்பாலும் இரு பக்கத்தையும் சேர்த்துக் காட்டும் என்பதால், பாதியை மட்டும் டாலராக எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி பூட்டியிருக்கும் டோக்கனுக்கு வருவோம். திட்டத்தின் ஆவணத்தில் வெஸ்டிங் அட்டவணை என்று ஒன்று இருக்க வேண்டும்: குழுவுக்கும் ஆரம்ப முதலீட்டாளர்களுக்கும் ஒதுக்கியவை எத்தனை மாதம் பூட்டப்பட்டிருக்கும், பிறகு மாதாமாதம் எவ்வளவு திறக்கும் என்று அது சொல்லும். அதன்படி எட்டாவது மாதத்தில் ஒரே நாளில் 15 கோடி டோக்கன் திறக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். புழக்கம் 5 கோடியிலிருந்து 20 கோடியாகும். அந்த நாளுக்குப் பிறகும் விலை 0.16 டாலரில் நிற்க வேண்டுமானால் மார்க்கெட் கேப் 3.2 கோடியாக உயர்ந்திருக்க வேண்டும். மார்க்கெட் கேப் 80 லட்சத்திலேயே நின்றுவிட்டால், விலை 0.04 டாலருக்கு, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். மார்க்கெட் கேப் சார்ட்டில் ஒரு கீறலும் இருக்காது. விலைச் சார்ட்டில் மட்டும் 75 சதவீதம் போயிருக்கும். உங்கள் பையில் இருப்பது டோக்கன் என்பதால், உங்களைப் பாதிப்பது இரண்டாவது சார்ட்தான்.

அப்படித் திறந்த டோக்கனை வைத்திருப்பவர்கள் எல்லாரும் விற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மேலே சொன்ன பூலில் விலையை 0.16 இலிருந்து 0.04 க்கு இறக்க 12.5 லட்சம் டோக்கன் விற்றால் போதும். அது 15 கோடியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விற்பார்களா என்பதை அவர்கள் வாங்கிய விலை ஓரளவு சொல்லிவிடும். 0.04 என்பது, 0.16 க்கு வாங்கும் உங்களுக்கு முக்கால்வாசி நட்டம். ஆரம்பச் சுற்றில் 0.005 டாலருக்கு வாங்கியவருக்கோ அது போட்ட பணத்தைப் போல எட்டு மடங்கு. மேலும், சந்தை அந்த நாள் வரை காத்திருப்பதில்லை. தேதி எல்லோருக்கும் தெரியும் என்பதால் முன்கூட்டியே விற்பவர்கள் உண்டு. ஃபியூச்சர்ஸ் சந்தை இருக்கும் காயினில், பூட்டப்பட்ட டோக்கனை வைத்திருப்பவர் விலை இறங்கினால் லாபம் தரும் ஷார்ட்டை அதே அளவு எடுத்துத் தன் லாபத்தை அதற்குள் பத்திரப்படுத்திக்கொள்ளவும் முடியும்.

பெரிய காயினிலும் இது நடந்திருக்கிறது. ஆர்பிட்ரம் திட்டத்தின் டோக்கனில், 2024 மார்ச் 16 அன்று குழுவுக்கும் முதலீட்டாளர்களுக்கும் உரிய சுமார் 111 கோடி டோக்கன் ஒரே நேரத்தில் திறந்தது. அதுவரை புழக்கத்தில் இருந்ததில் ஏறக்குறைய 76 சதவீதம் அது. தேதி ஓராண்டுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் 2 டாலர் அளவில் இருந்த விலை, அடுத்த சில மாதங்களில் 1 டாலருக்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் சந்தை முழுவதுமே தளர்ந்திருந்தது என்பதால் முழுப் பழியையும் திறப்பின்மேல் போட முடியாது. ஆனால் வாங்கியவர் யாரும் தெரியாது என்று சொல்லியிருக்க முடியாது.

"புழக்கத்தில் இருப்பது" என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வேர்ல்டுகாயின் 2023 ஜூலையில் வெளிவந்தபோது மொத்தம் 1,000 கோடி டோக்கனில் அதிகபட்சம் 14.3 கோடி மட்டுமே புழக்கத்துக்கு வரும் என்று அறிவித்தார்கள். அதிலும் 10 கோடி, சந்தையில் எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை கொடுக்கும் மார்க்கெட் மேக்கர்களுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. பொதுமக்கள் கைக்கு வந்தது அதைவிட மிகச் சிறிய பங்கு. சிறிய காயின்களில் நிலைமை இன்னும் மோசம். புழக்க எண்ணைத் திட்டத்தினரே எழுதிக்கொடுத்திருப்பார்கள். CoinMarketCap தளம் தான் சரிபார்க்காத எண்ணுக்கு அருகில் self-reported என்று குறித்திருக்கும். டோக்கன் பரிமாற்றங்களை எல்லாம் காட்டும் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் அந்த டோக்கனின் ஒப்பந்த முகவரியைத் தேடி, Holders பட்டியலைத் திறந்து பாருங்கள். முதல் இருபது முகவரிகளில் பூல் எது, எக்ஸ்சேஞ்ச் எது, குறித்த தேதி வரை டோக்கனை வெளியே விடாத பூட்டு ஒப்பந்தம் எது என்று அடையாளம் இருக்கும். அடையாளம் ஏதும் இல்லாத சாதாரண வாலெட் ஒன்றில் 30 கோடி டோக்கன் இருந்தால், அது "பூட்டப்பட்டது" என்பது வெறும் வாய்வார்த்தை. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் இன்றே அனுப்பலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். FDV ஒரு பயமுறுத்தும் எண்ணாகவும் ஆகிவிடுகிறது. 100 கோடி டோக்கனும் வெளிவந்த பிறகும் இன்றைய விலையே இருக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. அப்படி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சில ஒதுக்கீடுகள் பல ஆண்டுகளுக்குத் திறக்காது, சில எரிக்கப்படும், அதாவது நிரந்தரமாக நீக்கப்படும். பிட்காயினின் உச்சவரம்பான 2.1 கோடியில் பெரும்பகுதி வெளிவந்துவிட்டது. மீதி 2140 ஆம் ஆண்டை ஒட்டி வரை சிறிது சிறிதாக வரும். அங்கே இரண்டு மதிப்புக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஈதருக்கு உச்சவரம்பே கிடையாது. ஆகவே நான் 80 லட்சத்தையும் எடுப்பதில்லை, 16 கோடியையும் எடுப்பதில்லை. நான் வைத்திருக்க நினைக்கும் காலத்துக்குள், பெரும்பாலும் ஓராண்டுக்குள், புழக்கத்துக்கு வரப்போகும் எண்ணிக்கையை அட்டவணையிலிருந்து கூட்டி, அதை இன்றைய விலையால் பெருக்குகிறேன். மேலே சொன்ன அட்டவணைப்படி அது 20 கோடி டோக்கன், 3.2 கோடி டாலர். நீங்கள் இன்று கொடுக்கும் விலையின் நேர்மையான அளவு அதுதான்.

இரண்டு எண்ணும் சமமாக இருக்கும் காயின் நல்லது என்றும் பொருள் இல்லை. பல மீம் காயின்களில் தொடக்கத்திலேயே எல்லா டோக்கனும் வெளிவந்துவிடும். மார்க்கெட் கேப்பும் FDV யும் ஒன்றாகவே இருக்கும். அங்கே திறப்பு அபாயம் இல்லை, ஆனால் பாதி டோக்கனை ஐந்து வாலெட்டுகள் வைத்திருக்கலாம். அதற்கும் அதே Holders பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் காயினைப் பொறுத்தவரை, ஆவணத்தில் தேதியும் எண்ணிக்கையும் உள்ள அட்டவணை இருக்கிறதா, அந்த டோக்கன் உண்மையிலேயே பூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறதா, அடுத்த பெரிய திறப்பு எத்தனை வாரத்தில் என்று மூன்றையும் பாருங்கள். ஆவணத்தில் "குழு 20%, சமூகம் 40%" என்று வண்ண வட்டம் மட்டும் இருந்து தேதி இல்லையென்றால், நான் அத்தோடு பக்கத்தை மூடிவிடுவேன். எல்லாம் சரியாக இருந்து, திறப்பு ஆறு மாதத்துக்கு அப்பால் இருந்தாலும், பூலில் உள்ள டாலரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க மாட்டேன். 2 லட்சம் டாலர் இருக்கும் பூலில் 2,000 டாலர் போட்டாலே, நீங்கள் வாங்குவதே விலையை ஏறக்குறைய 2 சதவீதம் ஏற்றிவிடும். விற்கும்போதும் அப்படித்தான், ஆனால் இறக்கி.