சொரியாசிஸ் கேள்வி பதில்: கிறீம் காணாட்டி எந்த ஊசி?

பரந்தன் வயல்காரன்: டொக்டர், முழங்கை, முழங்கால், முதுகு எல்லாம் தடிச்ச திட்டு, சுரண்டினா வெள்ளி நிறத்தில செதில் கொட்டுது. வெளியில ஒரு இடத்தில ஊசி ஒண்டு போட்டினம், பத்து நாளில எல்லாம் மறைஞ்சிட்டுது. இப்ப ரெண்டு மடங்கா வந்திருக்கு. அதையே திரும்பப் போடுவமோ?

போடாதேங்கோ தம்பி. அந்த வேகத்தில மறைஞ்சு பிறகு இப்பிடி வந்ததெண்டால் அது அநேகமா ஸ்டீரொயிட் ஊசிதான். போன இடத்தில மருந்தின்ர பேரைத் துண்டில எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கோ, அது உங்கட உரிமை. ஸ்டீரொயிட் உடம்பில இருக்கும்வரை திட்டு அடங்கிக் கிடக்கும், அது இறங்கினவுடன முந்தினதைவிட மோசமாக் கிளம்பும். சிலபேருக்கு அதோட நிக்காது, உடம்பு முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னச் சீழ்ப்பொட்டு போட்டு, காய்ச்சலும் நடுக்கமும் வரும். அப்பிடி வந்தா கிளினிக் நாள் எப்ப எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, அண்டைக்கே ஆஸ்பத்திரி. இன்னொண்டு, ஸ்டீரொயிட் குளிசையை மாதக்கணக்கா எடுத்துக்கொண்டு இருக்கிறவை இதை வாசிச்சிட்டுத் திடீரெண்டு நிப்பாட்டவும் கூடாது, அதைப் படிப்படியாத்தான் குறைக்கவேணும், டொக்டர் பாத்து.

செதிலை நகத்தால பிய்க்கிறதையும் விடுங்கோ. பிய்ச்ச இடத்தில ஊசிமுனை அளவில ரத்தப்பொட்டு வருமே, தோலுக்கு அடியில ரத்தக்குழாய் மேலுக்கு வந்து நிக்கிறதாலதான் அது. காயப்பட்ட தோலில இந்த வருத்தம் புதுசா முளைக்கும். அருவி வெட்டு நேரத்தில வைக்கோல் கீறின கோட்டிலயே திட்டு வரிசையா வந்த ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

மல்லாவி மருமகள்: கிறீம் பூசிப்பூசிக் களைச்சுப்போனம். எப்ப ஊசிக்கு மாறவேணும் எண்டு எப்பிடித் தெரியும்?

இதுதான் இண்டைக்கு நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

நோயாளியின்ர சொந்தக் கையை விரலோட சேத்து வைச்சா அது உடம்பில ஏறத்தாழ நூற்றில ஒரு பங்கு. திட்டெல்லாம் சேத்து பத்துக் கைக்கு மேல போனா கடுமையான வருத்தம் எண்டு எடுப்பம். முல்லைத்தீவுப் பக்கம் கடலுக்குப் போற ஒருத்தர், நாப்பது தாண்டினவர், அவருக்கு 14 கை. இப்ப கணக்குப் பாருங்கோ. ஆள்காட்டி விரல் நுனியில இருந்து முதல் மடிப்புவரை ரியூபைப் பிதுக்கினா அரைக் கிராம், அது ரெண்டு கை அளவுக்குக் காணும். அப்ப அவருக்கு ஒருக்காப் பூச மூண்டரைக் கிராம், காலமை பின்னேரம் பூசினா ஏழு கிராம். 15 கிராம் ரியூப் ரெண்டு நாளில முடிஞ்சிடும். கிழமைக்கு 49 கிராம். குளோபெட்டசோல் மாதிரிக் கடுமையான கிறீமுக்கு கிழமைக்கு 50 கிராமும் தொடர்ந்து ரெண்டு கிழமையும்தான் எல்லை, அதுக்கு மேல போனா தோல் மெலிஞ்சு வரி விழும், மருந்து ரத்தத்திலயும் சேரும். அவர் ஒரு ரியூபை ஒரு மாசம் பூசினவர். பிறகு மருந்து கேக்கேல்லை எண்டால் எப்பிடிக் கேக்கும்? பூசவேண்டிய அளவைப் பூசினா ஆபத்து, பூசாட்டி பலனில்லை. கிறீம் தோக்கிற இடம் அதுதான்.

அவருக்கு இன்னொரு விசயமும் இருந்தது. விடிய எழும்பினா விரல் மூட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மடங்காது, வலை பிடிக்க ஏலாது, நகத்திலயும் குண்டூசி குத்தினமாதிரிக் குழி. மூட்டுக்கு வந்திட்டுதெண்டால் கிறீம் அங்க போய்ச் சேராது. கை அளவு குறைவாயிருந்தாலும் அப்ப உள்ளுக்குப் போற மருந்துதான் வேணும்.

ரத்தம், ஈரல், சிறுநீரகம் சோதிச்சு, குடியை நிப்பாட்டி, மெதோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒருக்கா 7.5 மில்லிகிராமில தொடங்கி 15க்கு ஏத்தினது. குளிசை போட்ட அடுத்தநாள் முழுக்க ஓங்காளம் எண்டார், அதால அதே மருந்தைத் தோலுக்கு அடியில போடுற ஊசியா மாத்தினது, கிழமைக்கு ஒண்டுதான் அதுவும். மூண்டு மாசத்தில முதுகு பாதிக்கு மேல வெளிச்சிது, விரல் மட்டும் அப்பிடியே. பிறகுதான் பயோலொஜிக் ஊசி பற்றிக் கதைச்சம். அதுக்கு முதல் காசநோய்க்குக் கையில குத்திப் பாக்க, நல்லாத் தடிச்சிட்டுது. நெஞ்சு எக்ஸ்றே சுத்தம், சளி இருமல் ஒண்டுமில்லை, ஆனா கிருமி உள்ளுக்கு நித்திரையில. முதல் அதுக்குத் தடுப்புக் குளிசை தொடங்கி, ஒரு மாசம் போனபிறகுதான் அடலிமுமாப். முதல்நாள் 80 மில்லிகிராம், அடுத்த கிழமை 40, பிறகு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 40. நாலு மாசத்தில தோல் முக்கால்வாசிக்கு மேல துப்பரவு, விரலும் மடங்குது, நகம் இன்னும் வளந்து முடியேல்லை.

வித்தியாசம் இதுதான். கிறீம் பூசுறது வயலுக்குள்ள நிண்டு தண்ணி இறைக்கிறது, மெதோட்ரெக்ஸேட் குளத்து மட்டத்தையே இறக்கிறது, பயோலொஜிக் ஒரு துருசை மட்டும் பூட்டிறது. அடலிமுமாப் பூட்டிறது அழற்சியைக் கிளப்பிற டி.என்.எஃப். எண்ட புரதத்தை, செக்குகினுமாப் எண்ட இன்னொரு பயோலொஜிக் பூட்டிறது ஐ.எல். 17 எண்ட வேறொரு புரதத்தை. எது பூட்டினாலும் வருத்தம் மாறாது, நிப்பாட்டினா கனபேருக்குத் திரும்பி வரும்.

வவுனியா வடக்கு: இது பங்கஸ்தானே, ஊத்தையால வாறது, துவாயால தொத்தும். பங்கஸ் கிறீம் பூசினாச் சரி.

தொத்தாது. பங்கஸ் வட்டத்துக்கு நடுவில வெளிச்சு ஓரத்தில சிவந்திருக்கும், இது முழுக்கத் தடிப்பு. பாத்துச் சொல்லக் கஷ்டமெண்டால் செதிலைச் சுரண்டிச் சோதிப்பம், அந்தளவில நீங்கள் சந்தேகப்பட்டது பிழையில்லை. துவாய் வேறயா வைக்கிறது நல்ல பழக்கம், ஆனா இதுக்காக ஆளைத் தள்ளி வைக்காதேங்கோ.

ஒட்டுசுட்டான் ஐயா: பிள்ளை, நான் சீனிக்கு இன்சுலின் ஊசி போடுறன். அதாலயும் இந்தச் செதில் குறையுமோ?

இல்லை ஐயா, அது சீனிக்கு மட்டும். ஆனா மேல சொன்ன ஸ்டீரொயிட் ஊசி உங்களுக்குச் சீனியை எங்கேயோ ஏத்திவிடும். ஆர் போட வந்தாலும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

முள்ளியவளை ஆச்சியின்ர பேத்தி: இறால், கணவாய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி. அதை விட்டாலே போகும் எண்டு எங்கட ஆச்சி சொல்லுறா. நீங்கள் ஏன் சாப்பாடு பற்றி ஒண்டும் சொல்லேல்லை?

சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. கிரந்தி எண்டு ஒதுக்கிற சாப்பாட்டுக்கும் சொரியாசிஸுக்கும் தொடர்பு எண்டு காட்டின ஆராய்ச்சி ஒண்டும் நான் பாக்கேல்லை. உடம்பு கூடினவை நிறையைக் குறைச்சா வருத்தமும் குறையும், மருந்தும் நல்லாப் பிடிக்கும், அது உண்மை. சாராயம், சிகரெட் ரெண்டும் கூட்டும், அதுவும் உண்மை.

முள்ளியவளை ஆச்சியின்ர பேத்தி: அப்ப எங்கட மாமா கணவாய் சாப்பிட்ட அடுத்தநாள் கொப்புளிச்சது பொய்யோ?

அடுத்தநாளே தடிச்சுக் கடிச்சு மறைஞ்சதெண்டால் அது ஒவ்வாமை, வேற வருத்தம். சொரியாசிஸ் திட்டு ஒரு இரவில வந்து போகாது.

மாங்குளம் சித்தப்பா: எனக்குக் கருவாடு விட்டபிறகுதான் குறைஞ்சது. டொக்டர்மார் நம்பமாட்டினம்.

கருவாடு விட்டனீங்கள் சரி, அதோட சேத்து எடுத்த சாராயமும் நிண்டதோ? அதைச் சொல்லுங்கோ முதல்.

மாங்குளம் சித்தப்பா: அது… ஓம், நிண்டதுதான். ஆனாலும் கருவாடுதான்.

உங்களோட நான் வாதாடி வெல்ல ஏலாது. கருவாட்டை விட்டு ஒருத்தரும் சாகமாட்டினம், விட விருப்பமெண்டால் விடுங்கோ, மருந்தை மட்டும் விடாதேங்கோ. ஆனா ஒரு பிள்ளைக்கு மீன், முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிப்பாட்டி எலும்பும் தோலுமாக் கொண்டந்தவை. அதுதான் எனக்குக் கோவம்.

மன்னார் வைத்தியர் பேரன்: வெட்பாலை எண்ணெய் எங்கட பரம்பரை. அதையும் பொய் எண்டுவியளோ?

எண்ணெய் பூசினாச் செதில் மெதுமையாகும், கடி குறையும், பூசட்டும். 14 கைக்கும் மூட்டுக்கும் அது காணாது. பேரில்லாத குளிகையும் சூரணமும் சேத்துக் குடுக்கிறதுதான் பயம், அதுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியாது. இதில நீங்களும் நானும் ஒத்துப்போகமாட்டம், விடுவம்.

சாப்பாட்டை விட்டு நீங்கள் தேடவேண்டியது வேற. ரெண்டு மூண்டு கிழமைக்கு முதல் தொண்டை நோ வந்ததோ? பிள்ளையளுக்கு அதுக்குப் பிறகு மழைத்துளி மாதிரிச் சின்னத் திட்டு உடம்பெல்லாம் போடும். புதுசா பிரசருக்கோ நெஞ்சுக்கோ புறோபிரனோலோல் வகைக் குளிசை தொடங்கினதோ, மனவருத்தத்துக்கு லித்தியமோ, மூட்டுக்கு ஹைட்ரொக்சி குளோரோக்குயினோ? மலேரியாக் காலத்தில இஞ்ச ஆக்கள் விழுங்கின குளோரோக்குயினும் அதே குடும்பம்தான். சந்தேகமெண்டால் நீங்களா நிப்பாட்டாதேங்கோ, எழுதித்தந்த டொக்டரிட்டக் குளிசைக் காட்டைக் காட்டுங்கோ.

கிளிநொச்சி: டொக்டர் முழங்கையில மட்டும் ரெண்டு திட்டு. ஊசி போடலாமோ?

ரெண்டு கைகூட இல்லை. கிறீம்.

விசுவமடு: டக்கெண்டு மாற ஊசி ஒண்டு சொல்லுங்கோ.

முதல் பதிலை வாசியுங்கோ.

நெடுங்கேணி: அம்மாவுக்குக் கிளினிக்கில மெதோட்ரெக்ஸேட் தந்தது. அவ விளங்காமல் ஒவ்வொருநாளும் போட்டிருக்கிறா, இப்ப வாயெல்லாம் புண், சாப்பிடுறா இல்லை. வாய்க்கு என்ன பூசுறது?

ஒண்டும் பூசாதேங்கோ, குளிசையை இப்பவே நிப்பாட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, குளிசைப் பெட்டியும் கிளினிக் கொப்பியும் கையில. வாய்ப்புண் முதல் அறிகுறி, பின்னால ரத்த அணுக்கள் விழும். இதின்ர நஞ்சை முறிக்கிற மருந்து இருக்கு, பிந்தினாப் பலன் குறையும். இதைத்தான் ஒவ்வொரு கிளினிக்கிலயும் தொண்டை கிழியச் சொல்லுறன், இது கிழமைக்கு ஒருநாள் குளிசை. நாளைத் தெரிஞ்சு கலண்டரில வட்டம் போடுங்கோ, அதே நாளில போலிக் அசிட் போடாமல் வேற நாளில போடுங்கோ. 2.5லயும் 10லயும் குளிசை வருது, மில்லிகிராமைப் பாத்து எடுங்கோ. பிள்ளை பெறுற வயசில இருக்கிற பெண்கள், கர்ப்பமோ, பிள்ளை பெற யோசனை இருக்கோ எண்டதை இதைத் தொடங்க முதல் டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லவேணும்.

புதுக்குடியிருப்பு: அண்ணா கனடாவில செக்குகினுமாப் போடுறவர், மிச்சமிருக்கிறதை அனுப்பலாம் எண்டுறார். தம்பிக்கும் இதே வருத்தம்.

வேண்டாம். அது 2இலிருந்து 8 பாகை வெப்பத்தில பயணம் முழுக்க நிக்கவேணும், இஞ்ச கரண்ட் போற வெயிலுக்குள்ள பிரிட்ஜில வைச்சிருந்ததெண்டு ஆர் உறுதி தாறது. அண்ணாவுக்குத் தொடங்க முதல் காசநோய், மஞ்சள்காமாலை பி எல்லாம் பாத்திருப்பினம், தம்பிக்கு? தம்பிக்குக் குடல் வருத்தம் இருந்தா ஐ.எல். 17 மருந்து அதைக் கூட்டவும் கூடும். முதல் அஞ்சு கிழமையும் கிழமைக்கு ஒண்டு, பிறகு மாசாமாசம், மிச்ச ரெண்டு ஊசியை வைச்சு என்ன செய்யிறது? தம்பியைத் தோல் கிளினிக்குக்கு அனுப்புங்கோ, வரேக்க மூட்டு நோகுதோ எண்டு கேட்டு எழுதிவிடுங்கோ, பொடியள் தாங்களாச் சொல்லமாட்டாங்கள்.

விசுவமடு: அப்ப அந்த டக்கெண்டு ஊசியின்ர பேர் சொல்லமாட்டியளோ?

மாட்டன்.