தவணை நின்றுபோன நன்கொடையாளருக்கு என்ன எழுதுவது?

"பத்துத் தவணையில் தருவதாகச் சொன்னவர் நான்கோடு நிறுத்திவிட்டார். மனம் நோகாமல் எப்படி நினைவூட்டுவது?"

எழுதுவதற்கு முன் உங்கள் வங்கிக் கணக்கை ஒருமுறை பாருங்கள். ஐந்தாவது தவணை முயன்று திரும்பியதா, வரவே இல்லையா? பல நேரம் அட்டை காலாவதியாகி தானியங்கிப் பிடித்தம் நின்றிருக்கும், அவருக்கே அது தெரிந்திருக்காது. எங்களிடம் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது, நாங்கள் அவசரப்பட்டு "பாக்கி" என்று எழுதி அவரைப் புண்படுத்திவிட்டோம், இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் "பாக்கி", "நிலுவை" இரண்டும் வேண்டாம். அவர் கடன்காரர் இல்லை. வந்த நான்கு தவணையில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் இப்படி எழுதலாம்:

"மார்ச்சுக்குப் பிறகு தவணை எங்களுக்கு வரவில்லை. பிடித்தத்தில் ஏதும் கோளாறா என்று பார்க்க முடியுமா? சூழ்நிலை மாறியிருந்தால் தொகையைக் குறைக்கலாம், சில மாதம் தள்ளிவைக்கலாம், இத்தோடு முடித்தும் கொள்ளலாம். எதுவானாலும் ஒரு வரி எழுதினால் போதும்."

முடித்துக்கொள்ளலாம் என்ற வரியை எடுத்துவிடாதீர்கள், கைச்சிரமத்தில் இருப்பவர் கூச்சப்படாமல் பதில் எழுதுவது அதனால்தான். கீழே பொதுப் பெயர் போடாமல், அவருக்குத் தெரிந்த ஒருவர் கையெழுத்திடட்டும். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் ஒரு போன், அதோடு சரி. மீதி ஆறு தவணையை வரவுத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.